பஸ் மாமா வந்த கதை

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று கத்தரித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். காலை பஸ்ஸில் உனக்கு எதிர்ப்பக்க இருக்கையில் ஒரு அம்மா தினமும் உட்காருகிறார். மூன்று மாதமாகப் பார்க்கிறாய். போன வாரம் அவர் உன்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நீ பதறிப்போய், போனில் ஏதோ வந்த மாதிரி குனிந்துகொண்டாய். அடுத்த இரண்டு நாள் முன்வாசலை விட்டுப் பின்வாசல் வழியாக ஏறினாய். "எதுக்குப்பா வம்பு, முன்னப்பின்ன தெரியாதவங்க" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாதுப்பா" என்றும் சொன்னாய். இரண்டையும் சேர்த்துக் கேட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அறிவுரை எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவாள் என்று உன் அம்மா எச்சரித்திருக்கிறாள். எனவே ஒரு கதை. உனக்குத் தெரிந்தவரின் கதைதான், ஆனால் அதன் முன்பாதி உனக்குத் தெரியாது.

பஸ் மாமாவை நீ விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறாய். உன் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தவர், கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணி வரை உன்னோடு மல்லுக்கட்டியவர். ரொம்ப நாள் அவரை அம்மா வழிச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அவர் பேருக்கு முன்னால் பஸ் எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை.

உனக்கு ஒரு வயது நடக்கும்போது எனக்கு அலுவலகம் மாறியது. காலை 7.10 பஸ். நம் நிறுத்தம் பஸ் கிளம்பும் இடத்திலிருந்து இரண்டாவது என்பதால் உட்கார இடம் கிடைக்கும். இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். ஒரு மாதத்தில் அது என் இடமாகவே ஆகிவிட்டது. இரண்டு நிறுத்தம் தாண்டி அவர் ஏறுவார். எனக்கு முன்வரிசையில், நடைபாதைப் பக்கம் உட்காருவார். கையில் ஒரு கறுப்புக் குடை. மரப்பிடி, வளைந்தது. பிடியும் கம்பியும் சேருகிற இடத்தில் எப்போதோ விரிசல் விட்டிருக்க வேண்டும், சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருந்தார். உட்கார்ந்ததும் குடையை முன்சீட்டுக் கம்பியில் மாட்டுவார். பஸ் திரும்புகிறபோதெல்லாம் அது ஊசலாடும். ஒன்பது மாதம் நான் அந்த ஊசலாட்டத்தைப் பார்த்தபடிதான் வேலைக்குப் போனேன்.

ஒன்பது மாதத்தில் அவரைப் பற்றி எனக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். திங்கட்கிழமை செருப்புக்குப் பாலிஷ் போட்டிருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் மங்கிவிடும். சனிக்கிழமை கைக்கடிகாரம் கட்டமாட்டார். எனக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குவார், ஆனால் அதற்கும் இரண்டு நிறுத்தம் முன்பே குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். இவ்வளவும் தெரியும். அவர் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

நீ விட்டுப்போன உளவியல் புத்தகங்களைத்தான் ஓய்வு பெற்றபின் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன். 'பழகிய அந்நியர்'. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் எழுதியது. அவருடைய மாணவர்கள் காலை நேரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடையில் காத்திருந்தவர்களைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் போட்டு, பிறகு அதே பயணிகளிடம் கொடுத்து, இதில் யாரைத் தெரியும், யாரோடு பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக ஒருவருக்கு நான்கு முகங்கள் அடையாளம் தெரிந்தன, ஆனால் பேசியதே இல்லை. பேசிப் பழகியவர்கள் சராசரியாக ஒன்றரைப் பேர். அந்த ஒன்றரைக்குள் நுழையாமல் நான்கிலேயே நின்றுவிட்டவர்தான் எனக்கு அந்தக் குடைக்காரர்.

மில்கிராம் சொல்லும் இன்னொரு விஷயம் அனுபவப்பட்டவனுக்குச் சுருக்கென்று தைக்கும். பேசாமலே நாட்கள் ஓடினால், அப்புறம் பேசுவது சுலபமாவதில்லை, கஷ்டமாகிறது. முதல் வாரத்தில் ஒரு வார்த்தை பேசினால் அது சாதாரணம். ஒன்பது மாதம் கழித்துப் பேசினால், "இத்தனை நாள் ஏன் பேசவில்லை, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது" என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். அதை உடைக்க வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்க வேண்டும்.

எங்களுக்கு பஸ் பழுதாகி நின்றது.

நல்ல மழை. நடு வழியில் இன்ஜின் நின்று, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு கட்டிடத்தின் சுவரோரம் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். எனக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரோ குடை விரிக்கிற சத்தம். சிவப்பு நூலைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையை மட்டும் ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினார். அவருடைய வலது தோள் நனைய ஆரம்பித்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே நகர்ந்துகொண்டேன். இருபது நிமிடம் அப்படியே நின்றோம். அடுத்த பஸ் வந்தது.

"ஏறுங்க" என்றார்.

"நீங்க ஏறுங்க" என்றேன்.

அவ்வளவுதான். கதையாக இருந்தால் அன்றைக்கே தோளில் கை போட்டிருப்போம். நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் அவர் ஏறினார். நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவரும் பத்திரிகையை விரித்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லையே என்ற குறுகுறுப்பு எனக்கு. எதிர்பார்க்கிறார் என்று நினைத்துவிடுவேனோ என்ற தயக்கம் அவருக்கு. (இதைப் பிற்பாடு அவரே சொன்னார்.) மூன்றாம் நாள்தான் ஏறியதும் நின்று, தலையை ஒரு தடவை அசைத்தார். நானும் அசைத்தேன். உன் பஸ்ஸில் அந்த அம்மா செய்தாரே, அதேதான்.

அப்புறம் மூன்று மாதம் வெறும் வணக்கம். தலையசைப்பு கொஞ்ச நாளில் சிரிப்பானது. சிரிப்பு "வணக்கம்" ஆனது. அது "என்ன, இன்னிக்கு லேட்டு?" ஆனது. பதில் கூடத் தேவைப்படாத கேள்வி அது. பஸ்தானே லேட், அவரா லேட்? இந்த மூன்று மாதத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. வணக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது, அதைச் சொன்னவனுக்கு அதற்கு மேல் எந்தக் கடனும் கிடையாது. இன்றைக்குச் சொன்னதோடு முடிந்தது. நாளைக்குப் புதிதாக ஆரம்பிக்கலாம். ஒரு நாள் நான் ஏதோ காகிதத்தில் மூழ்கி அவர் ஏறியதைக் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமினார். நிமிர்ந்தேன். வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றைக்கு அலுவலகம் போகிறவரை எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

பக்கத்துச் சீட்டு எப்படி வந்தது என்றால், நான் என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. அவர் வழக்கமான இடத்தை ஒரு பார்வை பார்த்தார், என் பக்கம் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். குடை இப்போது எங்கள் இருவருக்கும் முன்னால் ஆடியது.

அடுத்த மாதமே காரியத்தைக் கெடுத்தேன். ஒரு நாள் நீ ராத்திரி முழுக்க அழுது தூங்கவிடவில்லை என்று புலம்பிவிட்டு, அதே சூட்டில், "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். "ஏன், கல்யாணம் லேட்டா?" என்று வேறு கேட்டேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. அவர் பதில் சொல்லவில்லை. பத்திரிகையை விரித்தார். முகத்துக்கு நேராக, உயர்த்தி. எப்போதும் மடியில் வைத்துப் படிக்கிறவர்.

மறுநாள் பின்னால் போய் உட்கார்ந்தார். வணக்கம் வந்தது, ஆனால் கண் வரவில்லை. கோபப்பட்டு வணக்கத்தையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, அது தேவலை, சண்டை என்று தெரிந்துவிடும். இவர் வணக்கத்தை வைத்துக்கொண்டு அதற்குள் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டார். எட்டு நாள். எனக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. ஆனால் கேட்டால், எதற்கு மன்னிப்பு என்று அவர் அந்த விஷயத்தைப் பஸ்ஸில் வைத்து மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். எனக்கு அன்றைக்கு இருந்த புத்திக்கு ஒன்றே ஒன்றுதான் சரியாகச் செய்தேன். தினமும் அதே வணக்கத்தைச் சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பை மடியிலேயே இருந்தது. பக்கத்துச் சீட்டில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டேன். ஒன்பதாம் நாள் அவர் வந்து உட்கார்ந்து குடையை மாட்டினார்.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன், கேட்பதைக் குறைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாள் அலுவலகத்தில் கூட்டல் கணக்கில் 54ஐ 45 என்று எழுதிவிட்டு, வித்தியாசம் எங்கே என்று மூன்று மணி நேரம் தேடியதைச் சொன்னேன். கணக்கில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும், அது எனக்கே தெரியும், இருந்தும் கோட்டைவிட்டேன் என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் அவர் தன் கிடங்கில் ஒரு பெட்டியைத் தவறான வண்டியில் ஏற்றி அனுப்பிய கதையைச் சொன்னார். என் முட்டாள்தனத்தின் அளவு எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவில் அவரும் ஒன்றை எடுத்துவைத்தார். நான் ஒரு படி இறங்கினால் அவர் ஒரு படி. இரண்டு படி இறங்கச் சொல்லி நான் இழுத்தபோதுதான் முன்பு வழுக்கியது.

ஆறு மாதம் போல இப்படி ஓடியது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. உடம்பு சரியில்லையோ, ஊருக்குப் போயிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள்தான் உறைத்தது. அவரைத் தேடிப் போக வேண்டுமென்றால் யாரென்று கேட்பேன்? பேர் தெரியாது. அவர் கிடங்கில் கூட வேலை செய்கிற ஆட்களின் குணமெல்லாம் தெரியும். எந்தக் கிடங்கு என்று தெரியாது. வீடு தெரியாது. "சார்", "சார்" என்றே ஒன்றரை வருடத்தை ஓட்டியிருக்கிறோம்.

வெட்கத்தை விட்டுக் கண்டக்டரிடம் கேட்டேன். "அந்தக் குடைக்காரர் ரெண்டு மூணு நாளா வரலையே, ஏதாவது தெரியுமா?"

அவர் டிக்கெட்டைக் கிழித்தபடியே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன சார், நீங்கதானே அவரோட ஃப்ரெண்டு. உங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சொல் அதுவரை தோன்றவில்லை. மூன்றாவது ஆள்தான் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று ஆக 90, நெருங்கிய நண்பர் என்றால் 200க்கு மேல் என்கிறார். நான் சும்மா இருப்பேனா? பழைய கணக்கப்பிள்ளை ஆயிற்றே. நாங்கள் சேர்ந்து உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு 25 நிமிடம். மாதம் 24 நாள் வேலை. பெருக்கினால் 600 நிமிடம், பத்து மணி நேரம். அந்த ஆறு மாதத்தில் விடுமுறை, நின்றுகொண்டே வந்த நாட்கள் எல்லாம் கழித்தால் ஐம்பதை ஒட்டி வருகிறது. கண்டக்டர் சொன்ன நேரத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. இப்படிப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும், இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஆளின் கதையை வைத்து எந்த ஆய்வையும் மெய்ப்பிக்க முடியாது என்று நீயே சொல்லுவாய், தெரியும். ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்று இருக்கிறது. மழை, வெயில் என்று ஒப்புக்குப் பேசும் பேச்சு எவ்வளவு இருந்தாலும் அதனால் நெருக்கம் கூடவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்வதும், கேலியும் கிண்டலும்தான் கூட்டியது. 54ம் 45ம் எங்களுக்கு அதைத்தான் செய்தன.

பதினோராம் நாள் வந்தார். இளைத்திருந்தார். குடை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி, "அம்மா போயிட்டாங்க" என்றார். நானும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது? மூன்று நிறுத்தம் போயிற்று. கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: "உங்க பேர் என்ன சார்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தோடே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேரும் விலாசமும் எழுதிக்கொடுத்தார், பஸ் குலுங்கியதில் எழுத்தெல்லாம் கோணல். அந்த டிக்கெட் என் பழைய டைரியில் இன்னும் இருக்கிறது. மை மங்கிவிட்டது, விலாசத்தில் கதவு எண் மட்டும் படிக்க வருகிறது.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பெரிய ஏமாற்றம்! முன்னறையில் அவருக்கு ஒரு நாற்காலி, எதிரே எனக்கு ஒரு நாற்காலி. இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. பஸ்ஸில் அருவி மாதிரிக் கொட்டுகிற மனிதர் மின்விசிறியைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். இந்த ஆளைப் பற்றியா இவ்வளவு அளந்தீர்கள் என்பது போல உன் அம்மா கதவோரம் நிற்கிறாள். நீ மட்டும்தான் காரியமாக இருந்தாய். தத்தித் தத்திப் போய் அவர் குடையின் சிவப்பு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். (புதுக்குடை வாங்கவில்லை, அம்மா போன அமளியில் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடி எடுத்திருந்தார்.)

காற்று வாங்கலாம் என்று வாசல்படிக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தோம். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பழக்கம் முழுக்கத் தோளுக்குத் தோள் உட்கார்ந்து, இருவரும் முன்னால் பார்த்தபடி வளர்ந்தது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேச நாங்கள் பழகவே இல்லை. கண்ணைப் பார்க்க வேண்டாம், மௌனம் வந்தால் ஜன்னலைப் பார்க்கலாம், ரொம்பக் கனமாகப் போனால் இறங்கும் இடம் வந்துவிடும். பஸ் கொடுத்த இந்த மூன்று வசதியும் நாற்காலியில் கிடையாது. உன் அம்மா உள்ளிருந்து, "பஸ்ல உட்கார்ந்த மாதிரியே இருக்கு" என்றாள். அதைக் கேட்டு நீ "பஸ் மாமா" என்றாய். இரண்டு வார்த்தையைச் சேர்த்து நீ முதன்முதலாகச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

குழந்தை விஷயத்தை அவரே சொன்னார். நான் கேட்டு ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம் கழித்து, அதே மூன்றாவது வரிசையில். பிறந்து நான்கு மாதத்தில் போய்விட்டது என்றார். சொல்லி முடிப்பதற்கும் அவர் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. நேரம் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்கிறார். நான் ஹாலுடைய 200ஐப் போட்டுப் பார்த்தேனா என்று கேட்காதே. போட்டேன்.

நான்காவது வருடம் அவருக்கு வேலை ராத்திரிக்கு மாறியது. பஸ் சிநேகம் பெரும்பாலும் இங்கேதான் முடியும். அவருக்கு முன்னால் எனக்கு இன்னொரு பஸ்ஸில், நீலப் பை வைத்திருந்த ஒருவரோடு மூன்று வருடப் பேச்சு. நல்ல மனிதர், குலுங்கக் குலுங்கச் சிரிப்போம். எனக்கு அலுவலகம் மாறியது, பஸ் மாறியது, ஆள் போய்விட்டார். மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. பஸ்ஸை விட்டு ஒரு தடவை கூட இறங்காத பழக்கம், பஸ்ஸோடு போய்விட்டது. மாமாவோடும் அப்படித்தான் ஆகும்போல இருந்தது. முதல் மாதம் சந்திக்கவே இல்லை. விலாசம் கையில் இருந்தும் போகவில்லை. அவர் பகலில் தூங்குவார், நான் ராத்திரி தூங்குவேன் என்று சாக்கு.

ஒரு வியாழக்கிழமை காலை 7.10 பஸ்ஸில் அவருடைய நிறுத்தத்தில் குடை தெரிந்தது. ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு மறுபடி வந்து நிற்கிறார். ஏறினார், வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், குடையை மாட்டினார். "எங்கே போறீங்க?" என்றேன். "எங்கேயும் இல்லை" என்றார். என் நிறுத்தம் வரை வந்தார். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கினார். நான் ஓய்வு பெறுகிறவரை பெரும்பாலான வியாழக்கிழமைகளில் இதைச் செய்தார்.

சரி, உன் பஸ்ஸுக்கு வருகிறேன். தலையசைக்கிற எல்லோருக்கும் தலையசைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே எங்கே இறங்குவாய், எங்கே தங்கியிருக்கிறாய், தனியாகவா என்று கேட்கிறவர்கள் வேறு ரகம். நீ தள்ளி உட்கார்ந்ததும் முகம் மாறுகிறவர்களும் அந்த ரகம்தான். அவர்களிடம் நீ பின்வாசலுக்குப் போனதுதான் சரி, என்னைவிட உனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் இந்த அம்மா மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒரு தடவை தலையாட்டியிருக்கிறார். நீ குனிந்துகொண்டதும் விட்டுவிட்டார். இடத்தை மாற்றவில்லை, இரண்டாம் தடவை முயலவில்லை. அவர் இப்போது, நாம் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் அந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முன்வாசலில் ஏறு. ஒரு தடவை தலையசை. அதற்கு மேல் எதுவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதே.

மாமா நேற்று வந்திருந்தார். கண் சிகிச்சைக்கப்புறம் படி இறங்கப் பயப்படுகிறார், என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். உன் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ பையை எங்க வெச்சிருக்கா? பக்கத்துச் சீட்லயா, மடியிலயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை பேசும்போது சொல், அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா